நூலகருக்கு ஒரு நன்றிக் கடிதம், கூடவே ஒரு கல்வெட்டு அட்டவணை

சென்னை மாகாணத்துக் கல்வெட்டுகளுக்கு ஊர்வாரியாக ஒரு பட்டியல் உண்டு. வி. ரங்காச்சார்யா தொகுத்தது, 1919-ல் சென்னை அரசு அச்சகம் மூன்று தடித்த தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. 1915 வரை சேகரிக்கப்பட்ட கல்வெட்டுகளை மாவட்டம், தாலுகா, ஊர் என்று பிரித்து, ஒவ்வொன்றும் எந்தக் கோயிலில் எந்தச் சுவரில் இருக்கிறது, யார் காலத்தது, என்ன சொல்கிறது என்று சில வரிகளில் தருகிறது. தன் ஊர்க் கோயிலைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

ஆனால் பழைய பதிப்பு கைக்குக் கிடைப்பது அரிது. வைத்திருக்கும் நூலகங்களும் வீட்டுக்குத் தரமாட்டா. நூறு வயதைத் தாண்டிய தாள் மடக்கினால் ஒடியும்; ஜெராக்ஸ் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். அதனால் நூலகர் அனுமதி கொடுத்தால், மேசையில் வைத்துக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வதுதான் வழி. அரசு வெளியீட்டுக்குப் பதிப்புரிமை 60 ஆண்டு என்பதால் அந்தச் சிக்கல் இந்த நூலுக்கு இல்லை. அதற்காக அனுமதி கேட்காமல் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. நூலின் உடல் நூலகருடைய பொறுப்பில் இருக்கிறது.

எடுத்த படங்கள் பெரும்பாலும் கைபேசியிலேயே கிடந்து, கைபேசி மாறும்போது போய்விடும். அவற்றை அட்டவணையாக ஒழுங்குபடுத்தி, ஒரு படியை நன்றிக் கடிதத்தோடு நூலகருக்கு அனுப்புவது ஒரு நல்ல வழக்கம். அந்தக் கடிதத்தை மரியாதைக்கு எழுதும் நான்கு வரி என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அட்டவணையை நம்பலாமா, எந்த அளவுக்கு நம்பலாம் என்று அடுத்த வாசகருக்குச் சொல்லும் இடமே அந்தக் கடிதம்தான்.

படம் எடுப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. புத்தகத்தை முழுக்க மல்லாத்தாமல், இரண்டு பக்கமும் மடித்த துண்டு வைத்து, விரிந்த வரைக்கும் விரிய விட வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். தாளின் நான்கு ஓரமும் பக்க எண்ணும் படத்துக்குள் இருக்க வேண்டும். தேவையான பக்கங்களுக்கு முன்னால் தலைப்புப் பக்கம், சுருக்கக் குறிகளின் விளக்கம், நூலகப் பதிவு எண் ஒட்டிய பக்கம் மூன்றையும் எடுத்துவிட வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் வீடு திரும்பியவர், எந்த நூலகத்துப் பிரதியின் எந்தத் தொகுதி என்று பிற்பாடு தலையைப் பிய்த்துக்கொள்வார்.

சிக்கல் அட்டவணை போடும்போதுதான் தொடங்குகிறது. எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்: உத்திரமேரூர். குடவோலை முறையை விவரிக்கும் இரண்டு சோழர் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றை ‘1898-ஆம் ஆண்டின் 1, 2’ என்று குறிப்பிடுவார்கள். முதல்முறை பார்ப்பவர் 1898 என்பதைக் கல்வெட்டின் ஆண்டாக எடுத்துக்கொண்டு, அட்டவணையில் ‘காலம்’ என்ற கட்டத்தில் எழுதிவிடுவார். அது கல்வெட்டுத் துறையினர் படியெடுத்த ஆண்டு. 1, 2 என்பவை அந்த ஆண்டுச் சேகரிப்பில் அவற்றுக்குக் கிடைத்த வரிசை எண்கள். கல்வெட்டுகள் தாமே சொல்லும் காலம் வேறு: மதுரை கொண்ட கோப்பரகேசரிவர்மனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகள். மதுரை கொண்டவன் என்ற அடைமொழியை வைத்து இவன் முதலாம் பராந்தகன் என்றும், அவன் 907-ல் பட்டமேறினான் என்ற கணக்கை வைத்து ஏறத்தாழ 919, 921 என்றும் வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள்.

ஆக ஒரே கல்வெட்டுக்கு மூன்று விதமான ஆண்டு. மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்: சேகரிப்பு எண்ணும் ஆண்டும் ஒன்று, ஆட்சியாண்டு ஒன்று, கணித்த கி.பி. ஆண்டு ஒன்று. அதே காரணத்துக்காக அரசன் பெயருக்கு இரண்டு கட்டம். சோழர்கள் பரகேசரி, இராசகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டவர்கள். வெறும் ‘பரகேசரிவர்மன்’ என்று மட்டும் பதிவில் இருந்தால் அது யார் என்று அதை வைத்தே சொல்ல முடியாது. புத்தகத்தில் இருப்பது ஒரு கட்டம், நாம் ஊகிப்பது இன்னொரு கட்டம். இந்த இரண்டையும் கலந்துவிட்ட அட்டவணையைப் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். இந்த நூலில் உத்திரமேரூரைப் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் தேட வேண்டும். 2019-ல் செங்கல்பட்டு என்ற பெயரில் புது மாவட்டம் வந்தது. ஆனால் உத்திரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்துவிட்டது. பெயர் ஒன்றுதானே என்று பழைய மாவட்டத்தைப் புதிய மாவட்டமாக மாற்றிப் போட்டால் ஊரே இடம் மாறிவிடும். எனவே புத்தகத்தின் எழுத்துக்கூட்டலும் மாவட்டமும் உள்ளபடி ஒரு பக்கம், இன்றைய பெயரும் மாவட்டமும் அடுத்த பக்கம்.

இன்னொரு பொறி வெளியில் தெரியாது. இந்த மாதிரிப் பட்டியல்களில் ஒரு பதிவு ‘கருவறையின் மேற்குச் சுவரில்’ என்று தொடங்கினால், அடுத்தது ‘அதே சுவரில்’ என்று மட்டும் சொல்லும். அதற்கடுத்ததும் ‘அதே சுவரில்’ என்றே வரும். பத்திரங்களில் வரும் ‘மேற்படி’ போல, முன்னால் இருப்பதைப் பார்த்தால்தான் பொருள். புத்தகத்தில் வரிசை குலையாது என்பதால் குழப்பம் இல்லை. எக்செல் தாளில் அப்படியே தட்டச்சு செய்துவிட்டு, ஒரு நாள் அரசன் பெயர் வாரியாக அடுக்கினால், ‘அதே சுவர்’ எல்லாம் வேறு வேறு கோயில்களுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தாள் பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும், தவறு கண்ணுக்கே படாது. ஆகவே தட்டச்சு செய்யும்போதே ஒவ்வொரு ‘அதே’வையும் விரித்து எழுதி, விரித்தது நாம் என்று காட்ட அடைப்புக்குறி போட வேண்டும். பக்கத்தின் முதல் பதிவே ‘அதே சுவரில்’ என்று தொடங்கினால் முந்தைய பக்கமும் படத்தில் இருக்க வேண்டும். தேவையான ஊர் தொடங்கும் பக்கத்துக்கு ஒரு பக்கம் முன்னாலும், முடியும் பக்கத்துக்கு ஒரு பக்கம் பின்னாலும் சேர்த்து எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மங்கிய அச்சில் 3-ம் 8-ம், 1-ம் 7-ம் ஒன்றுபோலத் தெரியும். சரிபார்க்க ஒரு வழி உண்டு. கல்வெட்டுத் துறையினர் ஓர் ஊருக்குப் போனால் அங்கே கிடைத்ததை ஒரே பயணத்தில் படியெடுப்பார்கள். அதனால் ஓர் ஊரின் சேகரிப்பு எண்கள் பெரும்பாலும் தொடர்ச்சியாக வரும். 183, 184 என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் திடீரென்று 135 வந்தால் அதை 185 என்று சந்தேகித்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அப்போதும் தெளியவில்லையென்றால் திருத்திவிடக் கூடாது. கேள்விக்குறி போட்டு விட்டுவிட வேண்டும். வேறொரு பயணத்தில் எடுத்த உண்மையான 135 ஆகவும் அது இருக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகு எழுதும் கடிதத்துக்கு ஒரு மாதிரி தருகிறேன். ஒரு கல்லூரி நூலகத்துக்கு இப்படித்தான் எழுதினேன்.

“மதிப்பிற்குரிய நூலகர் அம்மா அவர்களுக்கு, வணக்கம். ரங்காச்சார்யாவின் கல்வெட்டுப் பட்டியலைப் பார்க்கவும் படம் எடுக்கவும் அனுமதித்ததற்கு மனமார்ந்த நன்றி. அலமாரியின் அடித்தட்டிலிருந்து நீங்களே எடுத்துவந்து, தாள் ஒடியாமல் புரட்டக் கற்றுக்கொடுத்ததையும் மறக்கமாட்டேன்.

இத்துடன் உத்திரமேரூர்ப் பதிவுகளின் அட்டவணையை இணைத்திருக்கிறேன். உங்கள் பிரதியின் பதிவு எண்ணும் நான் படம் எடுத்த பக்கங்களின் எண்களும் முதல் தாளில் உள்ளன. மற்ற ஊர்களை நான் தொடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் நேரே புத்தகப் பக்க எண்ணும் படத்தின் பெயரும் இருப்பதால், ஐயம் வந்தால் மூலத்தோடு ஒப்பிடலாம். சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் நான் சேர்த்தது. கேள்விக்குறி இட்ட எண்களை என்னால் உறுதியாகப் படிக்க முடியவில்லை. கி.பி. ஆண்டுகள் என் கணிப்பு. நூலில் உள்ளவை அல்ல.

ஒரு செய்தி உங்கள் கவனத்துக்கு. ஒரு தாள் பைண்டிங்கில் இடம் மாறித் தைக்கப்பட்டிருக்கிறது. நூலில் பக்கம் எதுவும் குறையவில்லை. இன்னொரு தாளின் கீழ்மூலை உதிரத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்தின் படத்தை முழு அளவில் தனியாக அனுப்பியிருக்கிறேன். அட்டவணையை உங்கள் வாசகர்கள் யாருக்கும் கொடுக்கலாம். பிழை கண்டால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். திருத்திய படியைத் தேதியிட்டு அனுப்புகிறேன்.”

இதில் நன்றி சொல்லும் வரிகள் கொஞ்சம்தான். மற்றவை நூலகருடைய வேலைக்கு நேரடியாகப் பயன்படுபவை. இடம் மாறிய தாளைப் பற்றித் தெரிந்தால், அடுத்து வரும் வாசகர் பக்கம் தொலைந்துவிட்டது என்று புகார் செய்யமாட்டார். மூலை உதிரும் தாளைச் சீர்செய்ய அனுப்பலாம். ‘மற்ற ஊர்களைத் தொடவில்லை’ என்ற ஒரு வரியும் பெரிய தவறு ஒன்றைத் தடுக்கிறது. அது இல்லாவிட்டால், அட்டவணையைப் பார்க்கும் ஒருவர் தன் ஊரைக் காணாமல், அந்த ஊரில் கல்வெட்டே இல்லை போலும் என்று முடிவுகட்டிவிடுவார்.

படங்கள் முழுவதையும் நூலகத்துக்குக் கொடுக்க வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. கேட்டால் கொடுக்கலாம். கைபேசிப் படம், முறையாக ஸ்கேன் செய்த பிரதிக்கு ஈடாகாது. ஓரங்கள் வளைந்திருக்கும், முதுகுப் பக்கத்து எழுத்துகள் நிழலில் கிடக்கும். சேதமான பக்கங்களின் படத்துக்கு மட்டும் தனி மதிப்பு உண்டு, ஏனென்றால் அடுத்த முறை புரட்டும்போது அந்த மூலை இருக்குமா என்று சொல்ல முடியாது.

அட்டவணைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதையும் முதல் தாளிலேயே எழுதிவைப்பது நல்லது. ரங்காச்சார்யா தருவது கல்வெட்டின் சாரம் மட்டும். கொடையாக எழுதப்பட்ட நிலத்தின் அளவும் எல்லையும், சாட்சிக் கையெழுத்துகளும் வேண்டுமானால், ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளில் மூலம் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அச்சாகாதவற்றுக்கு, இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுக்கு எழுதி, மைப்படி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்கும் கடிதத்தில் அவர்களுக்குத் தேவைப்படுவது ஊர்ப் பெயரும் அந்தச் சேகரிப்பு எண்ணும் ஆண்டும்தான்.