முட்டை எப்போது எடுக்கலாம்?

தளம் போட்டு ஏழு நாள் ஆனதும் சென்ட்ரிங் ஆட்கள் வந்து நிற்பார்கள். ஷீட்டுக்கும் ஜாக்கிக்கும் நாள் வாடகை ஓடுகிறது, அடுத்த இடத்தில் வேலை காத்திருக்கிறது. "சார், கியூப் ரிப்போர்ட் வந்திருச்சு. பதினாலு காட்டுது. பிரிச்சிரலாமா?" என்று மேஸ்திரி கேட்பார். வீட்டுக்காரருக்குப் பதினாலு என்றால் நல்லதா கெட்டதா என்றே தெரியாது. இன்ஜினியர் தளத்தில் இல்லையென்றால், மேஸ்திரி சொன்னபடிதான் நடக்கும். இந்தக் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் கிடையாது. அறையின் தளத்துக்கு ஒரு பதில், ஹால் தளத்துக்கு ஒரு பதில், பீமுக்கு இன்னொரு பதில்.

ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம். 900 சதுர அடித் தளம், கனம் 6 அங்குலம். ஹால் 20 அடிக்கு 30 அடி. அதன் நடுவே 20 அடி நீளத்தில் ஒரு பீம் குறுக்கே போகிறது. அதனால் ஹால் தளம் இரண்டு பாகமாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் 15 அடி அகலத்தைத் தாண்டி நிற்க வேண்டும். பக்கத்தில் 10 அடி அகலத்தில் இரண்டு அறைகள். கான்கிரீட் எம்20 தரம். தளத்தின் எடை மட்டும் 30 டன்னுக்கு மேல். யாரும் ஏறி நடக்காவிட்டாலும் இந்த எடை அங்கேதான் இருக்கிறது. முட்டை எடுத்த நொடியில் அந்த எடை முழுவதும் இளம் கான்கிரீட்டின் மேல் இறங்குகிறது.

நம் நாட்டுக் கான்கிரீட் வேலைகளுக்கான விதிநூல் ஐ.எஸ். 456. தூண், சுவர், பீம் ஆகியவற்றின் பக்கவாட்டுப் பலகைகளை 16 முதல் 24 மணி நேரத்தில் கழற்றலாம் என்கிறது அது. அவை எடையைத் தாங்குவதில்லை, ஈரக் கான்கிரீட் பக்கவாட்டில் சரியாமல் பிடித்து வைக்கின்றன, அவ்வளவுதான். அடியில் இருக்கும் ஷீட்டும் முட்டும் வேறு கதை. தளத்தின் அடி ஷீட்டை 3 நாளிலும், பீமின் அடிப் பலகையை 7 நாளிலும் எடுக்கலாம். ஆனால் எடுத்த உடனேயே முட்டைத் திரும்ப நிறுத்திவிட வேண்டும். முட்டையும் சேர்த்து எடுக்க, 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள்.

நம் வீட்டில் இதை வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். 15 அடி என்பது 4.57 மீட்டர். 20 அடி என்பது 6.1 மீட்டர். இரண்டுமே எல்லைக்கோட்டை ஒரு சாண் அளவில் தாண்டுகின்றன. மேஸ்திரி ஏழு நாள் என்று சொன்னது 10 அடி அறைகளுக்குச் சரி. ஹால் தளத்துக்கு 14 நாள், நடு பீமுக்கு 21 நாள். அடிக்கணக்கிலேயே வீடு கட்டிப் பழகிய நம் ஊரில், 15 அடியும் 20 அடியும் மிகச் சாதாரணமான அளவுகள். அதனாலேயே இந்த எல்லையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

இந்த நாட்கணக்கு சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு, வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கு எழுதப்பட்டது. இன்று வீட்டு வேலைக்கு வருகிற மூட்டைகளைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் பி.பி.சி. என்றுதான் இருக்கும். சாம்பல் கலந்த அந்த சிமெண்ட் நல்ல சிமெண்ட்தான். ஆனால் முதல் சில வாரங்களில் மெதுவாகவே பலம் பிடிக்கும். மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு, பி.பி.சி. போட்டால் மேலே சொன்ன நாட்களைப் பத்தின் கீழ் ஏழு என்ற விகிதத்தில் நீட்டச் சொல்கிறது. அதாவது 7 நாள் 10 ஆகிறது, 14 நாள் 20 ஆகிறது, 21 நாள் 30 ஆகிறது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மார்கழிக் குளிரில் தளம் போட்டால் இதற்கும் மேலே பொறுக்க வேண்டியிருக்கும்.

இப்போது அந்தப் பதினாலுக்கு வருவோம். தளம் போடும்போதே கலவையிலிருந்து எடுத்து, 15 சென்டிமீட்டர் இரும்பு மோல்டில் மூன்று அடுக்காக நிரப்புகிறார்கள். ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 35 முறை குத்துகிறார்கள். மறுநாள் மோல்டைக் கழற்றிக் கியூபைத் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள். பரிசோதனை நாளன்று வெளியே எடுத்து, இயந்திரத்தில் வைத்து நசுக்குகிறார்கள். கியூப் உடைந்த எடையை அதன் முகப்பரப்பால் வகுத்தால் பலம் கிடைக்கும். முகப்பரப்பு 22,500 சதுர மில்லிமீட்டர். மூன்று கியூப்கள் முறையே 315, 327, 300 கிலோநியூட்டனில் உடைந்தால், பலம் 14.0, 14.5, 13.3. சராசரி ஏறக்குறைய 14. எம்20 என்பதில் உள்ள 20, இருபத்தெட்டாம் நாள் கணக்கு. ஏழாம் நாளில் அதில் 70 சதவீதம் வந்திருக்கிறது. கலவை சரியான பாதையில் போகிறது என்று சொல்ல இது போதும்.

ஆனால் இது கலவையைப் பற்றிய செய்தி, மேலே இருக்கும் தளத்தைப் பற்றியது அல்ல. தொட்டியில் கிடந்த கியூப் இரவும் பகலும் 27 டிகிரித் தண்ணீரில் மூழ்கி இருந்தது. தளமோ வெயிலில் காய்ந்தது. பாத்தி கட்டிய தண்ணீர் மதியத்தில் வற்றியது, ஞாயிற்றுக்கிழமை ஊற்ற ஆள் வரவில்லை. அதே கலவையில் எடுத்த இன்னொரு மூன்று கியூபைத் தளத்தின் மேலேயே, அதே சாக்குக்கு அடியில், அதே தண்ணீரைக் குடிக்க விட்டு ஏழாம் நாள் உடைத்துப் பார்த்தால், 11 என்று வரக்கூடும். முட்டை எடுப்பதா என்று முடிவு செய்ய உதவுவது இந்தப் பதினொன்றுதான். சிமெண்ட்டும் ஜல்லியும் சரியாக வந்தனவா என்று தீர்மானிக்க அந்தப் பதினாலு. சென்ட்ரிங் பிரிக்கும் நேரத்துப் பலத்தை அறியக் கூடுதல் கியூப் எடுக்கலாம் என்று விதிநூலே இடம் கொடுத்திருக்கிறது. வீட்டு வேலைகளில் இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. செலவு என்று பார்த்தால் மூன்று மோல்டும் ஒரு பரிசோதனைக் கட்டணமும்தான்.

ரிப்போர்ட்டில் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று கியூப் 24, 23, 15 என்று வந்தால் சராசரி 20-க்கு மேல் இருக்கும், பார்க்க அழகாகத் தோன்றும். ஆனால் தனிக் கியூப் எதுவும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. இங்கே அந்தப் பதினைந்து, கால் பங்குக்கும் மேல் கீழே விழுந்திருக்கிறது. அந்த முடிவு செல்லாது. ஒன்று கியூப் போட்டவர் சரியாகக் குத்தவில்லை, இல்லையென்றால் கலவையே சீராக இல்லை. உடைந்த கியூபையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஜல்லியே இரண்டாகப் பிளந்திருந்தால் சாந்து கல்லை இறுகப் பிடித்திருக்கிறது. ஜல்லி முழுசாகக் கழன்று, அது இருந்த இடம் வழவழப்பாகக் குழிந்து தெரிந்தால் சாந்து பலமில்லை, அல்லது ஜல்லியில் தூசு இருந்தது.

அவசரப்பட்டால் தளம் உடனே இடிந்து விழும் என்று நான் சொல்லவில்லை. சின்ன அறைகளில் பெரும்பாலும் விழுவதில்லை. அதனால்தான் "நாங்க இருபது வருஷமா இப்படித்தான் பிரிக்கிறோம்" என்ற பேச்சு நிற்கிறது. வேறொன்று நடக்கிறது. இளம் கான்கிரீட் எளிதில் வளையும், வளைந்தபடியே இறுகும். பிறகு அதன் பலம் 20-ஐத் தொட்டுவிடும், ஆனால் தொய்வு நிமிராது. ஆறு மாதம் கழித்து ஹால் கூரையின் நடுவே பூச்சில் விரிசல் தெரியும், மொட்டை மாடியில் தண்ணீர் நடுவில் தேங்கும். அடியில் சுவருக்குச் சுவர் நூல் கட்டிப் பார்த்தால் வயிறு தெரியும்.

மாடி மேல் மாடி ஏறும்போதுதான் உயிரே போகும் ஆபத்து. மேல் தளத்தின் ஈரக் கான்கிரீட்டும் அதன் முட்டுகளும் கீழ்த் தளத்தின் தலையில்தான் நிற்கின்றன. கீழ்த் தளத்து முட்டை எடுத்துவிட்டிருந்தால் அது தன் எடையோடு இன்னொரு தளத்தையும் சுமக்க வேண்டும். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸ் என்ற ஊரில், 1973 மார்ச் 2 அன்று ஸ்கைலைன் பிளாசா அடுக்குமாடிக் கட்டடத்தில் இதுதான் நடந்தது. 24-ஆம் தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத் தாங்க வேண்டிய 23-ஆம் தளத்தின் அடியில் முட்டுகளை முன்னதாகவே எடுத்திருந்தார்கள். குளிர்காலக் கான்கிரீட் இன்னும் பலம் பிடிக்கவில்லை. தூண்களைச் சுற்றித் தளம் பிய்ந்து இறங்கியது, தளத்தின் மேல் தளமாகத் தரை வரை சரிந்தது. 14 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

பிரிக்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. எல்லா முட்டையும் தட்டிவிட்டு, ஷீட்டை இழுத்த பிறகு சில முட்டுகளைத் திரும்ப வைப்பது மறுமுட்டு ஆகாது. அதற்குள் தளம் தொய்ந்திருக்கும். ஒரு பட்டை ஷீட்டைக் கழற்றி, அங்கே முட்டை நிறுத்திய பிறகுதான் அடுத்த பட்டைக்குப் போக வேண்டும். முட்டைத் தளத்தை ஒட்ட நிறுத்தினால் போதும். ஜாக்கியை முறுக்கி மேலே தூக்கினால் தளத்தின் மேல்பக்கம் விரிசல் விடும். கடைசியில் எல்லாவற்றையும் எடுக்கும்போது பீமிலும் தளத்திலும் நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். சுவருக்கு வெளியே நீளும் பால்கனியிலும் சன்ஷேடிலும் நுனியில் தொடங்கிச் சுவர்ப்பக்கம் வர வேண்டும். அங்கே வேர்ப்பக்க முட்டை முதலில் தட்டினால், கம்பி வைக்காத பக்கம் இழுபடும்.

நம் வீட்டில் பி.பி.சி. போட்டிருந்தால், அறைகளின் முட்டை 10-ஆம் நாளும், ஹால் தளத்தின் முட்டை 20-ஆம் நாளும், நடு பீமின் முட்டை 30-ஆம் நாளும் எடுக்கலாம். 28-ஆம் நாள் கியூப் ரிப்போர்ட் பீமுக்கு முன்பே கைக்கு வந்துவிடுகிறது, அது நல்லதாயிற்று. அதில் குறை இருந்தால் பீம் இன்னும் முட்டின் மேல்தான் நிற்கும். தளத்தைத் துளைத்துக் கோர் எடுத்துச் சோதிக்கவோ, எடை ஏற்றிப் பார்க்கவோ இன்ஜினியருக்கு நேரம் இருக்கும். கணக்குப் போட்டு நாளைக் குறைப்பதும் கூட்டுவதும் அவர் வேலை, மேஸ்திரியின் வேலை அல்ல.

தளம் போடும் நாளிலேயே இந்த மூன்று தேதிகளையும் இன்ஜினியரிடம் எழுதி வாங்கி, ஹால் தூணில் ஒட்டிவிடுங்கள். முப்பதாம் நாள் வரை ஜாக்கி வாடகையைக் கூலி ஒப்பந்தத்திலேயே சேர்த்துப் பேசிவிடுங்கள். கியூப் போடும்போது தொட்டிக்குப் போகிறவை தவிர, தளத்தின் மேல் வைக்க மூன்று தனியாகக் கேளுங்கள்.