மிளகு பிறந்த ஊர், பட்டு ஏறிய துறை

பண்டைய வணிகம் என்ற பாடம் பள்ளிப் புத்தகத்தில் பெரும்பாலும் இரண்டு பட்டியலாகவே இருக்கும். ஏற்றுமதி: மிளகு, முத்து, தந்தம், பட்டு. இறக்குமதி: பொன், மது, பவளம். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோவார்கள். அதே பட்டியலைச் சீட்டுகளாக வெட்டி, தரையில் வரைந்த ஒரு வரைபடத்தின் மேல் அடுக்கச் சொன்னால் அந்தப் பாடம் வேறாகிவிடுகிறது. முசிறித் துறையை வைத்து அப்படி ஒரு பாடம் நடத்தும் முறையை இங்கே விளக்குகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து எந்த வகுப்புக்கும் இது பொருந்தும். வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்தும் ஆடலாம்.

முசிறியைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எகிப்தில் வாழ்ந்த கிரேக்க மொழி பேசும் வணிகர் ஒருவர் ‘எரித்ரேயக் கடல் பெரிபுளூஸ்’ என்ற கையேட்டை எழுதினார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. செங்கடலில் தொடங்கி ஆப்பிரிக்கக் கரை, அரேபியா, சிந்து முகத்துவாரம், பரூச், முசிறி என்று துறை துறையாகச் சென்று, எந்தத் துறையில் எதை விற்கலாம், எதை வாங்கலாம் என்று அது சொல்கிறது. மொத்தம் 66 சிறு பகுதிகள். அதன் 56ஆம் பகுதிதான் முசிறிக்கும் அதன் அருகிலிருந்த நெல்கிந்தாவுக்கும் உரியது. சீட்டு ஆட்டத்துக்கு வேண்டிய பண்டங்களை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர் பட்டியலிட்டுக் கொடுத்துவிட்டார்.

20 சீட்டுகள் போதும். மேற்கிலிருந்து முசிறிக்கு வந்தவை ஒன்பது: காசு, பவளம், திராட்சை மது, உருக்கிச் செய்யும் கச்சாக் கண்ணாடி, செம்பு, வெள்ளீயம், காரீயம், கண்ணுக்குத் தீட்டும் அஞ்சனம், தானியம். முசிறியிலிருந்து மேற்கே போனவை ஒன்பது: மிளகு, முத்து, தந்தம், பட்டு, சடாமாஞ்சில், தமாலபத்திரம் என்னும் வாசனை இலை, வைரம், நீலக்கல், ஆமையோடு. மீதி இரண்டு சீட்டுகளில் மிளகாயையும் உருளைக்கிழங்கையும் எழுதுங்கள். அவை எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

வரைபடத்தை இன்றைய நாட்டு எல்லைகளோடு வரையக் கூடாது. எல்லைக்கோடுகள் இருந்தால் பிள்ளைகள் துறைமுகங்களைத் தேடாமல் நாடுகளைத் தேடுவார்கள். கரையோரக் கோடும், நைல், சிந்து, கங்கை, காவிரி, பெரியாறு ஆகிய ஆறுகளும், இந்த ஊர்களும் இருந்தால் போதும்: ரோம், அலெக்சாந்திரியா, நைல் கரையிலுள்ள கோப்டோஸ், செங்கடல் கரையிலுள்ள பெரெனிகே, பரூச், முசிறி, கொற்கை, புகார், கங்கை முகத்துவாரம், சீனம், மலாய்த் தீபகற்பம். சுண்ணாம்புக் கட்டியால் வகுப்பறைத் தரையிலேயே வரைந்துவிடலாம்.

முதல் சுற்றில் ஒரே ஒரு கட்டளைதான். ஒவ்வொரு சீட்டையும் அந்தப் பண்டம் பிறந்த ஊரில் வை. பிள்ளைகள் பாடநூலை நினைவில் வைத்து, ஏற்றுமதிப் பண்டங்கள் ஒன்பதையும் முசிறியின் மேல் குவித்துவிடுவார்கள். ஆசிரியர் அதை உடனே திருத்த வேண்டாம். ஒவ்வொரு சீட்டாக எடுத்து, இது உண்மையிலேயே இங்கேதான் விளைந்ததா என்று கேட்டால் போதும்.

மிளகு நிற்கும். முசிறியோடு தொடர்புடைய உள்நாட்டுப் பகுதி ஒன்றில்தான் அது பெரும்பாலும் விளைகிறது என்று பெரிபுளூஸே சொல்கிறது. தந்தத்துக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் முத்து? அது பாண்டியர் ஆட்சிக்கு உட்பட்ட கொற்கைக் கடலில் எடுத்தது. அங்கே முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்ற செய்தியையும் அந்த வணிகர் எழுதிவைத்திருக்கிறார். சடாமாஞ்சில் இமயமலையில் விளைந்து, கங்கை வழியாகக் கடலுக்கு வந்தது. பட்டு சீனத்தில் நெய்தது. ஒரு பகுதி பாக்திரியா வழியாகப் பரூச்சுக்குப் போனது, மறு பகுதி கங்கை வழியாகத் தமிழகக் கரைக்கு வந்தது. ஆமையோட்டில் இரண்டு வகை. ஒன்று முசிறிக்கு எதிரேயுள்ள தீவுகளில் கிடைத்தது, மற்றொன்று ‘கிரைசே’ என்று அவர்கள் குறித்த கீழைப் பொன்னாட்டிலிருந்து வந்தது. மலாய்ப் பகுதியை ஒட்டித்தான் அந்த நாட்டைத் தேட வேண்டும்.

இப்படி ஒவ்வொன்றாக நகர்த்தி முடிக்கும்போது முசிறியின் மேல் இருந்த குவியல் கரைந்துவிடும். ஒன்பது பண்டங்களை விற்ற துறையில், தன் மலைநாட்டு விளைச்சல் என்று உறுதியாகச் சொல்லத்தக்கவை ஓரிரண்டுதான் மிஞ்சும். இந்தப் பாடத்தின் உயிரான இடம் இதுதான். பண்டம் பிறந்த ஊர் ஒன்று, கப்பலேறிய துறை இன்னொன்று. முசிறி பெரிய சந்தையாக இருந்ததற்கு மிளகு ஒரு காரணம். கொற்கை, கங்கை, கிரைசே சரக்குகள் அங்கே வந்து கூடியது இன்னொரு காரணம்.

ஆகவே இரண்டாம் சுற்றில் ‘கைமாறிய துறை’ என்ற இடத்தையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு சீட்டும் பிறந்த ஊர், கைமாறிய துறை, சென்று சேர்ந்த ஊர் என்று மூன்று இடங்களில் நின்று போக வேண்டும். பட்டுச் சீட்டைச் சீனத்திலிருந்து எடுப்பவர் நேரே ரோமுக்குத் தாவ முடியாது. சீனத்திலிருந்து கங்கை வரை ஒருவர் கை. கங்கையிலிருந்து தமிழகக் கீழைக்கரை வரை இன்னொருவர் கை. கங்கைக்கும் கிரைசேக்கும் போகும் பெரிய கலங்களும், கரையோரமாகவே ஓடும் உள்ளூர்க் கலங்களும் கீழைக்கரையில் இருந்தன என்று பெரிபுளூஸ் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அங்கிருந்து முசிறிக்கு மூன்றாவது கை. அதற்குப் பிறகுதான் எகிப்துக் கப்பல். ‘ரோமானியர் இந்தியாவோடு வணிகம் செய்தனர்’ என்ற ஒற்றை வரியில் காணாமல் போகும் மாலுமிகளும் இடைவணிகரும் இந்தச் சுற்றில் ஒவ்வொரு பிள்ளையின் உருவத்தில் எழுந்து நிற்பார்கள்.

மூன்றாம் சுற்றில் காற்றும் வரியும் சேரும். எகிப்திலிருந்து புறப்படும் கப்பல் ஜூலை மாத அளவில், தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தாக வேண்டும். செங்கடல் வாயிலிலிருந்து முசிறிக்கு 40 நாள் பயணம் என்று ரோம எழுத்தாளர் பிளினி கணக்குச் சொல்கிறார். திரும்புவதற்கு வடகிழக்குக் காற்று வேண்டும். டிசம்பரிலோ ஜனவரி முதல் பாதியிலோ கிளம்ப வேண்டும். எனவே ஆசிரியர் ‘தென்மேற்கு’ என்று சொன்னால் மேலைச் சீட்டுகள் மட்டும் முசிறிக்கு நகரலாம், ‘வடகிழக்கு’ என்றால் முசிறிச் சீட்டுகள் மட்டும் மேற்கே போகலாம். நடுவில் எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்புதான் தானியச் சீட்டின் புதிரை அவிழ்க்கிறது. நெல் விளையும் நாட்டுக்குத் தானியத்தை ஏன் ஏற்றிவந்தார்கள்? உள்ளூர் வணிகர் அதை உண்பதில்லை, கப்பலில் வந்தவர்களுக்கு மட்டும் போதுமான அளவு கொண்டுபோக வேண்டும் என்கிறது கையேடு. மாதக்கணக்கில் கரையில் தங்கியவர்கள் தங்கள் ஊர் உணவைத் தாங்களே கொண்டுவந்தார்கள். அந்தச் சீட்டு முசிறிக்கு வந்தாலும் முசிறிக்காரர் வாங்கிய சரக்கு அல்ல.

திரும்பும் வழியில் சரக்கு பெரெனிகே போன்ற செங்கடல் துறையில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனத்தைக் கடந்து கோப்டோஸ் சேர்ந்து, அங்கிருந்து நைல் படகில் அலெக்சாந்திரியா போகும். அங்கே அரசு வரி நான்கில் ஒரு பங்கு. வியன்னாவில் பாதுகாக்கப்படும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று இதற்குச் சான்று. அதன் ஒரு பக்கத்தில் முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தமும், மறுபக்கத்தில் ‘ஹெர்மபொல்லோன்’ என்ற கப்பலின் சரக்குக் கணக்கும் இருக்கின்றன. 60 பெட்டிச் சடாமாஞ்சிலும் தந்தமும் அந்தச் சரக்கில் அடக்கம். மொத்த மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் நாணயம். ஆட்டத்தில் அலெக்சாந்திரியாவை அடையும் ஒவ்வொரு நான்கு சீட்டுக்கும் ஒன்றை அரசுக்கு எடுத்துவைக்கச் சொன்னால், ரோமச் சந்தையில் மிளகு ஏன் விலையேறியது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கணக்கிட்டுக்கொள்வார்கள்.

இனி, வைக்கும் இடத்தில் சண்டை வரும் ஒரு சீட்டு இருக்கிறது: பவளம். பெரிபுளூஸ் அதை மேற்கிலிருந்து முசிறிக்கு வரும் சரக்காகச் சொல்கிறது. ரோமப் பெண்கள் இந்திய முத்தை விரும்புவதுபோல் இந்தியர் பவளத்தை விரும்புகிறார்கள் என்று பிளினியும் எழுதுகிறார். அணிகலனுக்கான செம்பவளம் மத்தியதரைக் கடலில்தான் பெயர் பெற்றது. ஆனால் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, புகார்ச் சந்தையில் குவிந்த பண்டங்களை அவை வந்த திசையோடு வரிசைப்படுத்தும்போது பவளத்தைக் கீழைக்கடலுக்கு உரியதாகக் கூறுகிறது. ஆசிரியர் இங்கே தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு பவளச் சீட்டுகளை எழுதி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் அதைச் சொல்லும் நூலின் பெயரைக் குறிக்கட்டும். மேற்கு வணிகர் முசிறியில் பார்த்ததும் தமிழ்ப் புலவர் புகாரில் பார்த்ததும் இரு வேறு துறைகளின் சாட்சியங்கள். ஒன்றை வைத்து மற்றதை அழிக்க வேண்டியதில்லை.

இதே வழக்கத்தை எல்லாச் சீட்டுக்கும் நீட்டலாம். நூலில் மட்டும் இருப்பதற்கு ‘ஏடு’ என்றும், அகழாய்வில் கிடைத்ததற்கு ‘மண்’ என்றும் ஓரத்தில் எழுதுங்கள். மிளகுக்கு இரண்டும் உண்டு: பெரெனிகேயில் கோயில் முற்றம் ஒன்றில் புதைந்திருந்த இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. மதுவுக்கும் உண்டு: முசிறி என்று ஆய்வாளர் பலர் கருதும் கேரளத்துப் பட்டணத்திலும், புதுச்சேரி அருகே அரிக்கமேட்டிலும் ஆம்போரா சாடிகளின் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. முசிறி வழியே போன பட்டுக்கு ‘ஏடு’ மட்டும் போடுங்கள். நம் ஈரமண்ணில் துணியும் இலையும் வாசனை வேரும் மக்கிவிடும். மட்பாண்டமும் காசும் கண்ணாடியும் தங்கும். மண்ணில் கிடைக்காதது வணிகத்தில் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பதைப் பிள்ளைகள் இந்த இடத்தில் கற்கிறார்கள்.

கடைசியாக மிளகாயும் உருளைக்கிழங்கும். இன்று நம் சமையலறையில் மிளகுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பல பிள்ளைகள் மிளகாயைத் தயங்காமல் முசிறியில் வைப்பார்கள். இரண்டும் அமெரிக்கப் பயிர்கள். 1492இல் கொலம்பஸ் அங்கே போன பிறகே கடல் கடந்தன. இந்த வரைபடத்தில் அவற்றுக்கு இடமே இல்லை. ‘எங்கே’ என்று கேட்பதற்கு முன் ‘எப்போது’ என்று கேட்கப் பழகவே அந்த இரு சீட்டுகள்.

பாடம் பதிந்ததா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும். பட்டு முசிறியின் ஏற்றுமதிப் பொருளா? ‘ஆம்’ என்று மட்டும் சொன்னால் பிள்ளை இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. ‘இல்லை, சீனத்துப் பொருள்’ என்று சொன்னால் பாதி வழி வந்திருக்கிறது. ‘முசிறியில் கப்பலேறியது, சீனத்தில் பிறந்தது, நடுவில் கங்கையிலும் கீழைக்கரையிலும் கைமாறியது’ என்று விரலால் வழியைக் காட்டிச் சொல்லும் பிள்ளைக்குப் பண்டைய வணிகம் எப்படி நடந்தது என்பது விளங்கிவிட்டது.