14 நாள் கெடுவும் தவளைப் போஸும்

‘பிறந்து 14 நாளைக்குள் எடுத்தால்தான் நியூபார்ன் போட்டோ.’ குழந்தை பிறந்த வீட்டாரின் செல்போனுக்கு வந்து விழும் ஸ்டுடியோ விளம்பரங்களில் இந்த வரி தவறுவதில்லை. அதனால்தான் வாசகர் கடிதங்களில் இத்தனை பதற்றம். ‘நாளை மறுநாள் கெடு முடிகிறது, பேக்கேஜ் கட்டுப்படியாகாது, செல்போனில் நாங்களே எடுக்கலாமா, அந்தத் தவளைப் போஸ் எப்படி வைப்பது?’

தாராளமாக எடுக்கலாம். கெடு பாதி உண்மைதான். முதல் இரண்டு வாரம் குழந்தை அதிகம் தூங்கும், கை கால்களை வயிற்றுக்குள் இருந்தது போலவே சுருட்டி வைத்திருக்கும். வளைத்து மடக்கிப் போஸ் வைப்பவருக்கு அது வசதி. மல்லாக்கப் படுத்திருக்கும் குழந்தையை எடுப்பவருக்கு மூன்றாவது வாரமும் ஒன்றுதான், ஐந்தாவது வாரமும் ஒன்றுதான்.

தவளைப் போஸைத்தான் விளக்கியாக வேண்டும். முழங்கைகளை ஊன்றி, இரண்டு உள்ளங்கைகளிலும் கன்னத்தைத் தாங்கியபடி குழந்தை தூங்குகிறதே, அந்தப் படம். அப்படி எந்தக் குழந்தையும் உட்கார்ந்ததில்லை. முறையாகச் செய்பவர்கள் இரண்டு படம் எடுக்கிறார்கள். ஒன்றில் உதவியாளர் உச்சந்தலையைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் மணிக்கட்டுகளைப் பிடித்திருப்பார். பிறகு கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒட்டி, பிடித்த கைகளை அழித்துவிடுகிறார்கள். கெட்டிக்கார வேலைதான். ஆனால் ஒட்டுப்போட்ட படம் என்று விளம்பரத்தில் எழுதுவதில்லை. அதைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் வீட்டில் குழந்தையை அப்படியே உட்காரவைத்துக் கையை எடுத்துப் பார்க்கிறார்கள். என் கவலை அங்கேதான்.

பச்சைக் குழந்தையின் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு தலை. அதைத் தாங்கும் பலம் கழுத்துக்கு இல்லை. மூச்சுக்குழாயோ ஒடுக்கமானது, மிருதுவானது. தலை முன்னே சாய்ந்து மோவாய் நெஞ்சில் இடித்தால் அந்தக் குழாய் மடங்கும். மூச்சு குறையும் குழந்தை அழ வேண்டுமென்றில்லை. சத்தமில்லாமல் கிடக்கும், நாமும் ‘நல்ல தூக்கம்’ என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்போம். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே எப்போதும் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூக்கு விடைத்தாலோ, மூச்சோடு முனகல் கேட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே தூக்கி நிமிர்த்துங்கள், மருத்துவரிடம் ஓடுங்கள். கூடைக்குள் திணிப்பதும், தொட்டில் துணியில் சுருட்டித் தொங்கவிட்டு எடுப்பதும் இதே காரணத்தால் வேண்டாம்.

அப்படியானால் எப்படி எடுப்பது? பதினாறாம் நாள் புண்ணியாகவாசனத்துக்கு முன் ஒரு படம் வேண்டும், வீட்டில் ஒரே ஒரு ஜன்னல் என்று வைத்துக்கொள்வோம். நேர்வெயில் விழாத நேரத்தில், ஜன்னலிலிருந்து இரண்டு, மூன்று அடி தள்ளித் தரையில் மெத்தையைப் போடுங்கள். தரை என்றால் உருண்டு விழ இடமில்லை. வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் விரித்து, குழந்தையை மல்லாக்கக் கிடத்துங்கள். தலை ஜன்னல் பக்கம், கொஞ்சம் கோணலாக. வெளிச்சம் நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இறங்க வேண்டும். கால் பக்கமிருந்து வந்தால் மூக்குத் துவாரமும் மோவாயின் அடியும்தான் பளிச்சென்று தெரியும், பிஞ்சு முகம் விகாரமாகிவிடும். டியூப்லைட்டை அணையுங்கள், இரண்டு வெளிச்சமும் கலந்தால் தோல் பாதி நீலம், பாதி மஞ்சள். இருட்டான கன்னத்துப் பக்கம் ஒருவர் இன்னொரு வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்தால் நிழல் தணியும்.

பால் குடித்து, ஏப்பம் விட்டு, அரை மணி போகட்டும். கையை மெல்லத் தூக்கி விட்டுப் பாருங்கள், தொய்ந்து விழுந்தால் ஆழ்ந்த தூக்கம். செல்போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் மூக்கு புடைக்கும், தள்ளி நின்று 2x-இல் எடுங்கள். திரையில் கன்னத்தின் மீது விரலை அழுத்தி ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தை ஒரு பொட்டு குறையுங்கள். முகத்துக்கு நேர் மேலே செல்போனை நீட்டவே வேண்டாம், பக்கவாட்டில் உட்கார்ந்து எடுங்கள். எடுப்பவர் ஒருவர் என்றால், குழந்தைக்குக் கையெட்டும் தூரத்தில் இன்னொருவர் இருந்தாக வேண்டும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஃபிளாஷ் போடலாமா? குழந்தை திடுக்கிடும், படமும் தட்டையாக வரும், வேண்டாம்.

உடுப்பில்லாமல் எடுக்கலாமா? மின்விசிறியை நிறுத்தி, சில நிமிடத்தில் முடித்து, உடனே போர்த்துங்கள்.

பவுடர்? மூச்சோடு உள்ளே போகும், கூடாது.

திருஷ்டிப் பொட்டு? கன்னத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குள் மை மட்டும் வேண்டாம்.

முத்துமாலை, பாசிமணி? அறுந்தால் வாய்க்குள் போகும், கழற்றிவிடுங்கள்.

படத்தில் குழந்தை மஞ்சளாகத் தெரிகிறதே? சுவர் பெயின்ட்டின் நிறம் பிரதிபலிப்பதாக இருக்கலாம், ஆனால் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் நேரில் பாருங்கள், தோலோ கண் வெள்ளையோ மஞ்சளாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.