மூன்று சுழி ‘ண’வுக்கு நான்காவது சுழி

செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் நல்லெண்ணெய் பாட்டிலின் படம் கேட்டால், கண்ணாடியின் பளபளப்பு, எண்ணெயின் பொன்னிறம், பின்னணியில் மரச்செக்கு என்று எல்லாம் அழகாக வந்துவிடும். லேபிளில் மட்டும் தமிழ் மாதிரி ஏதோ ஒன்று இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் ‘ண’வுக்கு நான்கு சுழி, புள்ளி எந்த எழுத்துக்கும் சொந்தமில்லாமல் நடுவில், கொம்பு ‘ல’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால். சொந்தமாகப் பொருள் தயாரித்து விற்கும் பலரும் இப்போது விளம்பரப் படங்களை இப்படித்தான் செய்துகொள்கிறார்கள். பெயர் ஏன் இப்படி உடைகிறது என்று தெரிந்தால், அதைச் சுற்றி வேலையைத் திட்டமிடுவது கடினமில்லை.

‘நல்லெண்ணெய்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நாம் அதில் எண்ணுவது 6 எழுத்து. யூனிகோடில் அது 11 குறிகளாகப் பதிவாகிறது. ந, ல, புள்ளி, ல, கொம்பு என்று வரிசையாக. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், மொத்தம் 33 பைட். ‘லெ’ என்ற எழுத்தில் கொம்பு கண்ணுக்கு இடப்பக்கம் தெரிந்தாலும், கணினிக்குள் அது ‘ல’வுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை முன்னால் கொண்டுவந்து வைப்பதும், புள்ளியை எழுத்தின் தலையில் சரியாக உட்கார வைப்பதும், ஃபோனிலும் கணினியிலும் உள்ள எழுத்துருவும் எழுத்தமைப்பு மென்பொருளும் சேர்ந்து செய்யும் வேலை.

படம் வரையும் மாடல் வழக்கமாக எழுத்துருவை எடுத்து அச்சிடுவதில்லை. நாம் தட்டிய சொல் முதலில் டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டப்படுகிறது. 2022-ல் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகளில் இந்த வெட்டும் பகுதி பெரும்பாலும் ஆங்கிலப் படக்குறிப்புகளைப் படித்துப் பழகியது. ஒரு ஆங்கிலச் சொல் ஒன்றிரண்டு துண்டில் முடிந்துவிட, தமிழ்ச் சொல்லோ பொருளற்ற பைட்டுச் சிதறலாக உள்ளே போகிறது. அந்தச் சிதறலில் ‘ண’வுக்கு எத்தனை சுழி என்ற செய்தியே கிடையாது. அதனால் எங்கோ பார்த்த தமிழ்ப் பலகைகளின் பொதுச் சாயலை வைத்து மாடல் கோடு இழுக்கிறது.

அடுத்த காரணம் அளவு. அதே வகை மாடல்கள் படத்தைப் பிக்சல் பிக்சலாக வரைவதில்லை; அகலத்தில் 8, உயரத்தில் 8 பிக்சல் கொண்ட ஒவ்வொரு கட்டத்தையும் சில எண்களாகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தில்தான் வேலை பார்க்கின்றன. 1024 பிக்சல் அகலமுள்ள படத்தில் பாட்டில் 300 பிக்சல், லேபிளில் பெயர் 200 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், ஒரு ‘ண’வுக்கு ஏறக்குறைய 35 பிக்சல் அகலம், 20 பிக்சல் உயரம் கிடைக்கும். அதாவது நாலைந்து கட்டம் அகலம், இரண்டரைக் கட்டம் உயரம். மூன்று சுழியும் அதற்குள் அடங்கவேண்டும். புள்ளிக்குக் கிடைப்பதோ அரைக்கட்டம்கூட இல்லை. ஆங்கில ‘ஓ’வுக்கு ஒரு வட்டம் போதும், சற்றுச் சிதைந்தாலும் படித்துவிடலாம். தமிழில் ஒரு சுழி குறைந்தால் ‘ன’, புள்ளி போனால் ‘ல்’ வெறும் ‘ல’. கொம்பில் ஒரு வளைவு கூடினால் ‘லெ’ ‘லே’ ஆகிவிடும்.

புதிய மாடல்கள் எவ்வளவோ தேறியிருக்கின்றன. ஒரு சிறு தமிழ்ச் சொல்லைப் பெரிதாக எழுதச் சொன்னால் சரியாகவே வருவதுண்டு. ஆனால் அடுத்த படத்தில் அதே சொல் வேறு வடிவில் வரும். பாட்டிலிலும் அட்டைப்பெட்டியிலும் விளம்பரத்திலும் ஒரே பெயர் ஒரே வடிவில் இருந்தாகவேண்டிய தொழிலுக்கு இது ஆகாது. என் கட்சி இதுதான்: பாட்டிலை மாடல் வரையட்டும், பெயரை எழுத்துருவில் நாம் அடிப்போம்.

அதற்கு முதலில் பெயரை அமைத்துக்கொள்ளவேண்டும், படம் பிறகு. பலரும் தலைகீழாகச் செய்துவிட்டு, லேபிளில் இடம் போதவில்லை என்று திணறுகிறார்கள். ‘நல்லெண்ணெய்’ ஒரே வரியில் வந்தால், எழுத்துருவைப் பொறுத்து உயரத்தைப்போல எட்டு மடங்கு நீளம் பிடிக்கும். ஒல்லியான பாட்டிலுக்கு அது ஒத்துவராது. ‘நல்லெண்’, ‘ணெய்’ என்று இரண்டு வரியாக்கவேண்டும். (கடைசி ‘ய்’யை மட்டும் தனியே கீழே தள்ளிவிடாதீர்கள், புள்ளி எழுத்தில் வரி தொடங்கக்கூடாது.) இப்படி அமைத்த பெயரின் நீள அகலத்தை அளந்து, அந்த வடிவில் வெற்று லேபிள் உள்ள பாட்டிலைக் கேளுங்கள்:

```
glass bottle of golden oil, straight front view,
plain blank cream paper label
```

இதில் ‘no text’ என்று சேர்ப்பதில் அவ்வளவு பயனில்லை. ‘இல்லை’ என்பதை இந்த மாடல்கள் சரியாகப் பிடிப்பதில்லை, ‘text’ என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத்தையே வரைந்துவிடும். செயலியில் Negative prompt என்று தனிப் பெட்டி இருந்தால் `text, letters, logo` என்பவற்றை அங்கே போடுங்கள்.

லேபிளில் பெயரை வைக்கும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் தமிழை ஒட்டியதும் கொம்பு இடம் மாறிப் புள்ளி தனியே நின்றால், அது எழுத்தமைப்பு அமைப்பின் கோளாறு. மாடலின் சிதைவு ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். இது எத்தனை முறை ஒட்டினாலும் ஒரே மாதிரி உடையும். தட்டெழுத்து அமைப்பில் World-Ready Layout என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். எழுத்துரு யூனிகோடாக இருக்கவேண்டும். Noto Sans Tamil, Catamaran போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சகங்களில் இன்னும் புழங்கும் பாமினி வகை எழுத்துருவைப் போட்டால் யூனிகோடு தமிழ் அதில் சரியாக வராது.

பெயரைத் தனி லேயரில் வைத்து, லேபிளின் வளைவுக்கு ஏற்ப Warp செய்து, Multiply முறையில் கலந்தால் காகிதத்தின் நிழல் எழுத்தின் மேலும் விழும். வேலை இதோடு முடிந்ததென்று நினைத்து முழுப் படத்தையும் ‘தெளிவாக்கும்’ செயலிக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. அங்கேதான் சரியாக இருந்த ‘ண்’ மறுபடி நான்கு சுழியோடு வரும், ஏனென்றால் அந்தச் செயலிகளில் பலவும் படத்தைப் புதிதாக வரைபவையே. பின்னணியில் ஒரு மூலையை மட்டும் மாற்றச் சொன்னால்கூடச் சில கருவிகள் முழுப் படத்தையும் சுருக்கி விரிப்பதால் எழுத்தின் விளிம்பு இளகிவிடும். ஆகவே பெரிதாக்குவதையும் திருத்துவதையும் வெற்று லேபிளோடு முடித்துவிட்டு, பெயரைக் கடைசியாக வையுங்கள்.

உணவுப் பொருளென்றால் பின்பக்கச் சிறு எழுத்துகளையும் மறக்கவேண்டாம். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை மாடல் தன் இஷ்டத்துக்கு எழுதிவைக்கும். கட்டாயத் தகவல்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்கவேண்டும் என்பது இந்திய விதி, தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். இவை எல்லாவற்றையும் எழுத்துருவில் அடித்துத்தான் சேர்க்கவேண்டும்.

சரிபார்க்கும்போது சொல்லாகப் படிக்காதீர்கள். பழகிய சொல்லில் தவறைக் கண் தானே திருத்திக்கொள்ளும். வலமிருந்து இடமாக ஒவ்வோர் எழுத்தாகப் போங்கள். நல்லெண்ணெய்யில் புள்ளி மூன்று, கொம்பு இரண்டு, மூன்று சுழி ‘ண’ இரண்டு. எண்ணிக்கை பொருந்தினால், அச்சகத்துக்குப் போகும் கோப்பில் எழுத்துகளை Create Outlines கொடுத்து வடிவமாக மாற்றிவிடுங்கள். அங்கே எழுத்துரு இல்லாவிட்டாலும் வடிவம் மாறாது. வடிவமாக மாற்றியபின் எழுத்தைத் திருத்த முடியாது என்பதால், மாற்றாத பிரதி ஒன்றைத் தனியே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.