புதுக் கைத்தறியின் விறைப்பைப் போக்குவது எப்படி?



தமிழகம் சென்று திரும்புகிறவர்கள் உறவினருக்குக் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையோ கதர்த் துணியோ வாங்கி வருவதுண்டு. நெகிரி செம்பிலானில் லாபு, லின்சம், ஜெராம் பாடாங் போன்ற தோட்டப்புற வீடுகளிலும் அதைப் பார்க்கிறோம். பையைப் பிரித்ததும், "என்ன இது, சாக்கு மாதிரி விறைப்பா இருக்கே, நூலும் ஒரு சீரா இல்லையே" என்று யாராவது கேட்பார்கள். இவை இரண்டும் துணியின் குறைகள் அல்ல. ஒன்று துவைக்கத் துவைக்கப் போய்விடும், மற்றது போகாது, போகவும் கூடாது.

முதலில் விறைப்பைப் பார்ப்போம். தறியில் நீளவாட்டில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர். நெய்யும்போது இது அச்சில் உரசி அறுந்து போகாமல் இருக்க, நெசவாளர்கள் அதற்குக் கஞ்சி போடுகிறார்கள். குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கு இது தேவையில்லை. நெய்த பிறகும் அந்தக் கஞ்சி துணியிலேயே தங்கிவிடுகிறது. நம் கைக்கு விறைப்பாகத் தெரிவது அதுதான்.

அடுத்தது நூலின் ஏற்றத்தாழ்வு. கைத்தறித் துணி கையால் நெய்யப்பட்டது, ஆனால் அதன் நூல் பெரும்பாலும் ஆலையில் நூற்றதாக இருக்கும். கதரில் நூற்பதும் நெய்வதும் கையால் நடக்கின்றன. கையால் நூற்கும்போது நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். முறுக்கு மெலிந்த இடத்தில் சேர்ந்துகொள்வதால் தடித்த இடம் தளர்வாகவே இருக்கும். தூரிகை போட்டுத் தேய்த்தால் அந்தத் தளர்ந்த இடத்திலிருந்துதான் பஞ்சு கிளம்பித் துணி பிசிறு தட்டும்.

இப்போது ஒரு கண்டாங்கிச் சேலையை எடுத்துக்கொள்வோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை இது. உடலும் கரையும் எதிரெதிர் நிறங்களில் இருக்கும். அதனால் நனைக்கும் முன்பு வெள்ளைத் துணி ஒன்றை ஈரமாக்கிக் கரையின் உள்பக்கத்தில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்தச் சேலையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகவே துவைக்க வேண்டும்.

பெரிய வாளி நிறையக் குளிர்ந்த நீர் எடுத்துச் சேலையை விரித்தாற்போல் முக்கி, 15 நிமிடம் ஊற வையுங்கள். முதல் இரண்டு முறை சவர்க்காரம் வேண்டாம். ஊறிய கஞ்சி நீரைக் கலங்க வைக்கும். அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் மெதுவாக அழுத்தி அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் இரு கைகளாலும் அமுக்கி நீரை வடியுங்கள்.

இரவு முழுக்க ஊறப்போட்டால் விறைப்பு சீக்கிரம் போகும் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் நாட்டு வெப்பத்தில் கஞ்சி புளித்து நாறும், சாயமும் கரையிலிருந்து உடலுக்குப் பரவும். ஈரச் சேலையை மடித்து வாளியில் விட்டாலும் இதே கதிதான். நீரில் உப்புப் போட்டால் சில சாயங்கள் அந்த நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கலாம். ஆனால் சாயத்தை நிரந்தரமாகப் பிடித்து வைக்கும் சக்தி உப்புக்குக் கிடையாது.

கஞ்சி இன்னும் இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. அலசிய நீரில் கொஞ்சம் ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து, காயத்துக்குப் போடும் ஐயோடின் மருந்தை ஒரு சொட்டு விடுங்கள். நீர் நீலமாக மாறினால் கஞ்சி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மருந்தைத் துணியின்மேல் விட்டுவிடாதீர்கள், கறை படியும்.

மூன்றாவது சலவையில் மென்மையான திரவச் சவர்க்காரம் ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். மூன்று நான்கு சலவைக்குப் பிறகு துணி உடம்போடு படியத் தொடங்கும். அதுவரை சலவை இயந்திரத்தில் போட வேண்டாம். பிற்பகலில் மழை வரும் ஊர்களில் காலையிலேயே துவைத்து, உதறி, காற்றோட்டமான நிழலில் உலர்த்துவது நல்லது.

இன்னும் இரண்டு விஷயங்கள். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். நூற்றுக்கு 3 என்று வைத்தாலும், ஐந்தரை மீட்டர் சேலையில் 16.5 செண்டிமீட்டர் குறையும். சேலையில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் கதர்ச் சட்டைத் துணியையும் ரவிக்கைத் துணியையும் நனைத்து உலர்த்திய பிறகே தையற்காரரிடம் கொடுங்கள். இல்லையேல் முதல் சலவைக்குப் பிறகு கை ஏறாது.

மற்றொன்று, திருவிழாவுக்குக் கஞ்சி போட்டு உடுத்திய வேட்டி சேலையை அப்படியே அலமாரியில் வைக்காதீர்கள். ஈரக்காற்றில் பூஞ்சைக்குக் கஞ்சியே உணவாகிக் கரும்புள்ளி விழும். அலசி, நன்றாக உலர்த்தி எடுத்து வையுங்கள். மீண்டும் உடுத்தும் நாளுக்கு முன்பு கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.

நூலில் தெரியும் அந்த மேடு பள்ளம் மட்டும் எத்தனை சலவைக்குப் பிறகும் இருக்கும். அது கையால் நூற்றதன் அடையாளம். அதைத் தேய்த்துச் சமமாக்கப் பார்த்தால் துணிதான் தேயும்.