விலை எவ்வளவு நகரும், எந்தப் பக்கம் என்று தெரியாமல்

ஐரோப்பிய யூனியனில் நீடிப்பதா, விலகுவதா என்று பிரிட்டன் மக்கள் வாக்களித்தது 2016 ஜூன் 23. அன்று நியூயார்க்கின் காமெக்ஸ் சந்தையில் தங்கம் ஒரு அவுன்ஸ் 1,263 டாலரில் முடிந்தது. விலகுவது என்று முடிவு வந்த மறுநாள் அது 1,322 டாலர். ஒரே நாளில் 4.7 சதவீத ஏற்றம். நீடிப்பது என்று முடிவு வந்திருந்தால் அநேகமாக விலை இறங்கியிருக்கும். எந்தப் பக்கம் போகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. ஆனால் ஒரு பெரிய நகர்வு வரப்போகிறது என்பதும், அது எந்த நாளில் வரும் என்பதும் வாரக்கணக்கில் முன்னதாகவே அங்கே விலையாக எழுதப்பட்டிருந்தன. எழுதியவை தங்க ஆப்ஷன்கள்.

காமெக்ஸில் தங்க முன்பேர ஒப்பந்தம் ஒன்று 100 அவுன்ஸ் தங்கத்துக்கானது. அந்த ஒப்பந்தத்தின் மீது எழுதப்படுவதுதான் ஆப்ஷன். கால் ஆப்ஷன் வாங்கியவருக்குக் குறித்த தேதிவரை குறித்த விலையில் அந்த ஒப்பந்தத்தை வாங்கும் உரிமை உண்டு. புட் ஆப்ஷன் வாங்கியவருக்கு விற்கும் உரிமை. நிலத்துக்கு அச்சாரம் கொடுத்தவர் வேண்டாமென்று விலகினால் அச்சாரத்தோடு போவதுபோல, ஆப்ஷன் வாங்கியவர் இழக்கக்கூடியது கொடுத்த பிரீமியத்தை மட்டும்தான். அவர் இழப்புக்கு எல்லை உண்டு, லாபமோ நகர்வு பெரிதாக ஆக கூடிக்கொண்டே போகும். ஆகவே விலை அதிகம் ஆடும் என்று தோன்றினால் அந்த உரிமைக்கு மதிப்பு கூடும். ஆடாது என்று தோன்றினால் குறையும்.

பிரீமியத்தைக் கணக்கிடும் சூத்திரத்தை முன்பேர ஒப்பந்தங்களுக்கு ஏற்ப 1976இல் அமைத்துக் கொடுத்தவர் ஃபிஷர் பிளாக். அதற்குள் போகும் விவரங்கள் ஐந்து: இன்றைய முன்பேர விலை, ஒப்புக்கொண்ட விலை, மீதமிருக்கும் காலம், வட்டி, இனிவரும் ஏற்ற இறக்கம். முதல் நான்கும் எல்லோர் கண்ணுக்கும் தெரிபவை. ஐந்தாவது யாருக்கும் தெரியாது. ஆனால் சந்தையில் பிரீமியம் ஏற்கெனவே தெரிகிறது அல்லவா? சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு, இந்த விலை சரியென்றால் ஏற்ற இறக்கம் எவ்வளவாக இருக்க வேண்டும் என்று கேட்கலாம். வரும் விடைக்குத்தான் இம்ப்ளைடு வோலட்டிலிட்டி என்று பெயர். அது நடந்துமுடிந்த விலைகளை அளந்து கிடைத்த எண் அல்ல. வாங்குபவரும் விற்பவரும் பணத்தை வைத்து ஒப்புக்கொண்ட எதிர்பார்ப்பு.

இதைக் கணினி இல்லாமலே கணக்கிட்டுப் பார்க்கலாம். பின்வரும் விலைகள் எளிமைக்காக எடுத்தவை. முன்பேர விலை 1,250 டாலர். அதே 1,250 டாலருக்கு வாங்கும் உரிமை 25 டாலர், விற்கும் உரிமை 25 டாலர். முடிய 25 வர்த்தக நாள்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வாங்க 50 டாலர் ஆகிறது. எந்தப் பக்கம் போனாலும் சரி, நகர்ந்தால் போதும் என்பவர் தரும் விலை இது. இதை 0.8ஆல் வகுத்தால் 62.5 டாலர் கிடைக்கும். அதாவது 1,250இல் 5 சதவீதம். இதுவே அந்த 25 நாளுக்கான வழக்கமான நகர்வின் அளவு. மூன்றில் இரண்டு முறை விலை மேலோ கீழோ இந்த எல்லைக்குள் முடியும் என்பது கணிப்பு. ஏற்ற இறக்கம் நாள்களோடு நேராகக் கூடாது, நாள்களின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். இன்று ஏறியது நாளை இறங்கி ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்வதே காரணம். 25இன் வர்க்கமூலம் 5. எனவே ஒரு நாளுக்கு 1 சதவீதம். ஆண்டின் வர்த்தக நாள்களை 256 என்று வைத்தால் அதன் வர்க்கமூலம் 16. திரையில் நீங்கள் பார்க்கும் எண் ஆண்டுக்கு 16 சதவீதம்.

இப்போது அந்த 25 நாள்களுக்குள் வாக்கெடுப்பு முடிவு வரும் நாள் ஒன்றை வையுங்கள். அன்று மட்டும் விலை 5 சதவீதம் நகரலாம், மற்ற 24 நாள்களும் வழக்கம்போல 1 சதவீதம் என்று சந்தை கருதுகிறது. கூட்ட வேண்டியது சதவீதங்களை அல்ல, அவற்றின் வர்க்கங்களை. 24 சாதாரண நாள்களுக்கு 24, அந்த ஒரு நாளுக்கு 25. மொத்தம் 49, அதன் மூலம் 7. ஒரே ஒரு நாள் மற்ற 24 நாள்களின் கூட்டு எடையை விஞ்சிவிடுகிறது! ஆண்டுக் கணக்கில் 16 சதவீதமாக இருந்தது 22 சதவீதத்துக்கு மேல் போகிறது. 50 டாலராக இருந்த ஜோடி 70 டாலர் ஆகிறது.

நாள்கள் நகர்கின்றன. புதிய செய்தி எதுவும் இல்லை, யாரும் மனம் மாறவில்லை. முடிய இன்னும் 4 நாள்கள், நாளைதான் முடிவு என்ற கட்டத்தில் கணக்கு 25உடன் 3 சேர்ந்து 28. அதை 4 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 7. மூலம் எடுத்து 16ஆல் பெருக்கினால் 42 சதவீதம். பயம் ஒரு துளிகூடக் கூடாமல், வெறும் நாள்காட்டி நகர்ந்ததாலேயே 22 என்பது 42 ஆகிவிட்டது. ‘தங்கத்தில் பதற்றம் இரட்டிப்பு’ என்று தலைப்பிட்டு வரும் செய்திகளில் ஒரு பகுதி இந்தக் கணக்கின் விளைவுதான் என்று நான் நினைக்கிறேன். அதே வேளையில் ஜோடியின் விலை 70 டாலரிலிருந்து 53 டாலருக்கு இறங்கியிருக்கும். ஆண்டுச் சதவீதம் ஏறுகிறது, வாங்குபவர் தரும் பணம் குறைகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் தடுமாறும் இடம் இது.

முடிவு வந்த நொடியில் கனமான அந்த நாள் கணக்கிலிருந்து கழன்று விழுகிறது. மீதி மூன்று சாதாரண நாள்கள். ஏற்ற இறக்க எண் 16க்கே திரும்புகிறது. முந்தின நாள் கால் ஆப்ஷனை மட்டும் 26.5 டாலருக்கு வாங்கியவரை எடுத்துக்கொள்வோம். அவர் நினைத்தபடியே தங்கம் 1.5 சதவீதம், அதாவது சுமார் 19 டாலர் ஏறுகிறது. அவர் ஆப்ஷனின் மதிப்பு இப்போது சுமார் 21 டாலர்தான். திசை சரி, ஆனாலும் அவுன்ஸுக்கு 5 டாலருக்குக் குறையாமல் இழப்பு. 100 அவுன்ஸ் ஒப்பந்தம் ஒன்றுக்கு 500 டாலருக்கு மேல். காரணம், அவர் விலை கொடுத்தது 5 சதவீத நகர்வுக்கு. வந்தது 1.5 சதவீதம். ஆப்ஷன் வாங்குபவர் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறார். இதைத் தெரியாமல் பட்ஜெட், தேர்தல், அமெரிக்க மத்திய வங்கிக் கூட்டம் ஆகியவற்றின் முந்தின நாளில் ஆப்ஷன் வாங்கிக் கைசுட்டுக்கொள்பவர்கள் ஏராளம்.

தேதி தெரிந்த நிகழ்வில் சந்தையின் எண் எவ்வளவு நுட்பமானதோ, தேதி தெரியாததில் அவ்வளவு ஊமை. 2013 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். அதற்கு முந்தைய மாதங்களில் தங்கம் அமைதியாக இருந்தது. ஆப்ஷன்களும் மலிவாக இருந்தன. ஏப்ரல் 11, வியாழக்கிழமை, காமெக்ஸ் விலை 1,564.90 டாலர். சைப்ரஸ் தன் கையிருப்புத் தங்கத்தை விற்கக்கூடும் என்ற பேச்சு அந்த வாரம் பரவியிருந்தது. வெள்ளியன்று 4.1 சதவீதம் சரிந்து 1,501.40. திங்களன்று மேலும் 9.3 சதவீதம் சரிந்து 1,361.10. இரண்டே வர்த்தக நாள்களில் 200 டாலருக்கு மேல் காணாமல் போனது. நாளுக்கு 1 சதவீதம் என்று விலை போட்ட கணக்கில் திங்கட்கிழமையின் வீழ்ச்சி வழக்கமான நகர்வைப்போல ஒன்பது மடங்கு. மணி வடிவ வளைவை அப்படியே நம்பினால் பிரபஞ்சத்தின் ஆயுளிலும் நடக்கக் கூடாத ஒன்று அது. நடந்தது.

இந்த ஆபத்தை வணிகர்கள் அறியாதவர்கள் அல்லர். அதனால்தான் இன்றைய விலையிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஆப்ஷன்களைச் சூத்திரம் சொல்வதைவிடக் கூடுதல் விலைக்கே விற்கிறார்கள். ஒரே நாளில், ஒரே தேதியில் முடியும் ஆப்ஷன்களுக்கே வெவ்வேறு இம்ப்ளைடு வோலட்டிலிட்டி இருப்பது இதனால். இருந்தும் அந்தத் திங்கட்கிழமை எந்த விலையிலும் அடங்கியிருக்கவில்லை. எதிர்பார்ப்பு எண் எகிறியது, ஆனால் வீழ்ச்சிக்கு முன்பு அல்ல, வீழ்ச்சியோடு.

அப்படியானால் வந்தபின் ஏறும் எண்ணால் என்ன பயன்? பயன் உண்டு. பெரிய நகர்வுகள் கூட்டமாக வரும் இயல்புடையவை. பருத்தி விலைகளை ஆராய்ந்து இதை 1963இல் எழுதியவர் பெனுவா மாண்டல்பிராட். அதைக் கணிக்கும் முறையை 1982இல் வகுத்த ராபர்ட் எங்கிளுக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. தங்கமும் அப்படியே நடந்துகொண்டது. 2013 ஜூன் 20 அன்று ஒரே நாளில் 6 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அதிர்ச்சிக்குப் பின் எண் உயர்ந்தே நின்றால், அடுத்த வாரங்களிலும் பெரிய அசைவுகள் வரும் என்ற செய்தியை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

பங்குச் சந்தையில் பழகியவர்கள் சறுக்குவது இங்கேதான். அங்கே ஏற்ற இறக்க எண் உயர்ந்தால் பெரும்பாலும் விலை விழுகிறது என்று பொருள். தங்கத்தில் அந்த உறவு நிலையானதல்ல. 2011 ஆகஸ்டில் விலை பறந்தபோது எண்ணும் சேர்ந்து ஏறியது. 2020 மார்ச்சில் 1,700 டாலரைத் தொட்ட தங்கம், எல்லோரும் ரொக்கத்துக்காக எதையும் விற்ற நேரத்தில், ஒரே வாரத்தில் 1,500க்குக் கீழே இறங்கியது. அப்போதும் எண் ஏறியது. திசை பற்றி ஏதாவது அறிய விரும்புபவர்கள், இன்றைய விலையிலிருந்து ஒரே தொலைவில் உள்ள காலையும் புட்டையும் எடுத்து எதன் ஏற்ற இறக்க எண் கூடுதல் என்று ஒப்பிடுகிறார்கள். கால் பக்கம் கூடினால் ஏற்றத்துக்குப் பாதுகாப்பு தேடுபவர் அதிகம் என்று அர்த்தம். அதுகூட யார் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதைத்தான் காட்டும். அஞ்சியது நடக்கும் என்று காட்டாது.

இந்தியாவில் எம்சிஎக்ஸ் சந்தை தங்க முன்பேர ஒப்பந்தங்களின் மீது ஆப்ஷன்களை 2017 அக்டோபரில் தொடங்கியது. அங்கே கால், புட் வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. விலை ஏறுமா இறங்குமா என்று யோசிப்பதற்கு முன், திரையில் தெரியும் ஏற்ற இறக்க எண்ணை 16ஆல் வகுங்கள். ஒரு நாளுக்கு எவ்வளவு நகர்வுக்குப் பணம் கட்டப்போகிறீர்கள் என்பது அதில் வந்துவிடும். அதைவிட அதிகமாக நகரும் என்று நம்பக் காரணம் இல்லையென்றால், வாங்காதீர்கள்.