ஒரு பக்கம் மட்டும் பிடி

கார் சாவியைத் திருப்புகிறோம். இன்ஜின் உறுமிப் பற்றிக்கொள்கிறது. ஆனாலும் கை உடனே சாவியை விடுவதில்லை. அரை நொடி, ஒரு நொடி பிடித்தபடி இருக்கிறது. அந்த ஒரு நொடியில் செல்ஃப் மோட்டாருக்கு என்ன ஆகும்?

கொஞ்சம் கணக்குப் போடலாம். மோட்டாரின் முனையில் இருக்கும் பினியனில் 10 பற்கள், அது கடித்துச் சுழற்றும் ஃப்ளைவீலின் ரிங் கியரில் 120 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினை நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றவைக்க, பினியன் 2,400 சுற்று சுற்ற வேண்டும். இன்ஜின் பற்றியதும் சட்டென 1,500 சுற்றுக்குப் போய்விடும். இப்போது ஃப்ளைவீல்தான் பினியனைத் துரத்துகிறது, நிமிடத்துக்கு 18,000 சுற்றில். அந்த வேகம் அப்படியே மோட்டாருக்குள் போனால், ஆர்மேச்சரில் சுற்றியிருக்கும் செம்புக்கம்பிகள் காடியை விட்டு வெளியே பிய்த்துக்கொண்டு வரும்.

அப்படி நடக்காமல் காப்பது பினியனுக்குப் பின்னால் இருக்கும் ஒருவழி கிளட்ச். மோட்டார் பினியனைச் சுற்றலாம்; பினியன் மோட்டாரைச் சுற்ற முடியாது. சைக்கிளின் பின்சக்கரத்தில் உள்ள ப்ரீவீலுக்கும் இதே வேலைதான். மிதித்தால் சக்கரம் சுற்றும், மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும். ஆனால் ஒரே வேலையை இரண்டும் செய்யும் விதம் வேறு வேறு.

சைக்கிளில் இருப்பது ராட்செட். ப்ரீவீலின் வெளிவளையத்துக்கு உட்புறம், ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் வெட்டிய ரம்பப் பற்கள். நடுவே, சக்கரத்தோடு இணைந்த உள்பகுதியில், பெரும்பாலும் இரண்டு சிறிய இரும்பு நாக்குகள். அவற்றை வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் கம்பி. மிதிக்கும்போது பல்லின் செங்குத்துப் பக்கம் நாக்கின் நுனியில் முட்டி உள்பகுதியையும் இழுத்துச் செல்கிறது. கால் நின்றால், நாக்குகள் சரிவான பக்கத்தில் வழுக்கி ஏறி, அடுத்த பள்ளத்தில் விழுகின்றன. அந்த ‘டிக் டிக்’ அதுதான்.

பல்லில் போய் முட்டும்வரை பிடி கிடையாது என்பது ராட்செட்டின் குறை. உள்ளே 20 பற்கள், நாக்குகள் ஒரே நேரத்தில் விழுபவை என்றால், அதிகபட்சம் 18 டிகிரி வெற்றுச்சுழற்சி. முன்னால் 44, பின்னால் 18 பல் கொண்ட சாதாரண சைக்கிளில், மிதிகட்டை இரண்டு சென்டிமீட்டர்வரை சும்மா நகரும். மிதிப்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

செல்ஃப் மோட்டாருக்கு அது பொருட்டு. வெற்றாக ஓடிவந்து பல்லில் மோதினால் அதிர்ச்சி தாங்காது. 18,000 சுற்றில் நாக்குகள் தடதடத்தே தேய்ந்துவிடும். எனவே அங்கே பல்லே இல்லை, ஆப்புதான். கிளட்ச் கூட்டுக்குள் ஒருபுறம் குறுகும் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு எஃகு உருளை. மோட்டார் சுற்றினால் உருளை குறுகிய பக்கம் நகர்ந்து இறுகுகிறது. பினியன் முந்தினால் அகன்ற பக்கம் தள்ளப்பட்டுத் தளர்கிறது. செல்ஃப் வைத்த பல பைக்குகளில் உருளைக்குப் பதில் ஸ்ப்ராக். இரண்டு வழவழப்பான வளையங்களுக்கு நடுவே வரிசையாக நிற்கும், இடை சிறுத்த எஃகுத் துண்டுகள் அவை. ஒரு மூலைவிட்டம் வளையங்களின் இடைவெளியைவிடச் சற்று நீளம், மற்றது சற்றுக் குட்டை. ஒரு பக்கம் சுற்றினால் துண்டு நிமிர்ந்து இரு வளையங்களையும் முட்டிக்கொள்ளும். மறுபக்கம் சுற்றினால் சாய்ந்து விட்டுவிடும்.

இங்கே பிடிப்பது முழுக்க உராய்வு. எண்ணெய் தடவிய எஃகுக்கு உராய்வு எண் ஏறத்தாழ 0.1. அதனால் ஆப்பின் சாய்வு ஐந்தரை டிகிரியைத் தாண்டினால் இறுகாமல் வழுக்கும். நடைமுறையில் மூன்று நான்கு டிகிரிதான் வைக்கிறார்கள். தேய்ந்து தேய்ந்து கோணம் கூடினால் ஒருநாள் வழுக்கத் தொடங்கும். மோட்டார் ‘விர்ர்’ என்று சுற்றும் சத்தம் கேட்கும், இன்ஜின் அசையாது. பேட்டரியைச் சந்தேகிக்கத் தேவையில்லை. பேட்டரி பலமாக இருப்பதால்தான் அந்த ‘விர்ர்’.

கழற்றிப் பார்க்கையில் பினியனைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் மெல்லிய இழுவையோடு சுற்ற வேண்டும், மறுபக்கம் உடனே நிற்க வேண்டும். இரு பக்கமும் சுற்றினால் கிளட்ச் வழுக்குகிறது. இரு பக்கமும் நின்றால் அது இன்னும் ஆபத்து. அடுத்து போவது ஆர்மேச்சர்.

சுத்தம் செய்வதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சைக்கிள் மிதித்தும் ஓடாமல் பெடல் வெறுமனே சுற்றினால், பழைய எண்ணெயும் தூசியும் கெட்டியாகி நாக்கை மடக்கிவைத்திருக்க வாய்ப்பு அதிகம். மண்ணெண்ணெயில் அலசி, இளகிய எண்ணெய் நாலு சொட்டு விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கெட்டி கிரீஸ் அடைத்தால் மறுபடி ஒட்டும். அதே பழக்கத்தில் செல்ஃப் மோட்டாரின் கிளட்சையும் பெட்ரோலில் முக்கினால், உள்ளே நிரந்தரமாக அடைத்து மூடிய கிரீஸ் கரைந்து போகும். திரும்ப வைக்க வழியில்லை. அதைத் துணியால் வெளியே துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வழுக்கினால் கிளட்சை முழுதாக மாற்றுவதுதான் வழி.